செக்குக்கு எத்தனை கிலோவாட் மோட்டர்? பெல்ட், கியர், பெயரிங் தின்னும் வலுவைக் கணக்குப் பார்ப்பது எப்படி

சுன்னாகத்துப் பக்கம் உறவுக்காரர் ஒருவர் மாட்டுச் செக்கை மோட்டர்ச் செக்காக மாற்றியபோது கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து வெல்டிங் கடைக்காரரும், தொழில்நுட்பக் கல்லூரிப் பெடியளும், சொந்தமாக எண்ணெய் ஆட்ட நினைப்பவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் அந்த ஒரு செக்கையே உதாரணமாக வைத்து எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணை, கணக்கை எங்கயிருந்து தொடங்கிறது? மோட்டர்ப் பக்கத்தில இருந்தோ, செக்குப் பக்கத்தில இருந்தோ?

செக்குப் பக்கத்திலிருந்து. மோட்டர் எவ்வளவு தரும் என்பது பிறகு. செக்கு எவ்வளவு கேட்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதை ஊகிக்கக் கூடாது, அளக்கலாம், அதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை.

நாங்கள் செய்தது இதுதான். செக்கின் தண்டோடு ஒரு நீளத் தடியைக் கட்டி, தண்டின் மையத்திலிருந்து சரியாக 1.5 மீற்றர் தூரத்தில் ஒரு தொங்கு தராசைக் கொளுவி, நாலு பேர் கயிற்றைப் பிடித்துச் சுற்றி வந்தார்கள். கயிறு தடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சரிந்தால் தராசு கூடக் காட்டும். உரலில் எள்ளு போட்ட தொடக்கத்தில் 50 கிலோவைச் சுற்றி நின்ற முள், எண்ணெய் பிரிந்து பிண்ணாக்கு இறுகும் கடைசிக் கட்டத்தில் 80 கிலோவுக்கு ஏறியது. கணக்குக்கு எடுக்க வேண்டியது அந்த 80. சராசரியை எடுத்தவரின் மோட்டர் பிண்ணாக்கு இறுகும்போது முனகும்.

80 கிலோ என்பது 785 நியூட்டன். அதை 1.5 ஆல் பெருக்கினால் முறுக்கு விசை 1177 நியூட்டன் மீற்றர். செக்கு நிமிடத்துக்கு 14 சுற்று ஓட வேண்டும் என்று முடிவு செய்தோம், அதாவது செக்கனுக்கு 1.466 ரேடியன்.

```
P = T × ω = 1177 × 1.466 = 1726 W
```

ஆக உரலுக்குள் போய்ச் சேர வேண்டியது 1.73 கிலோவாட். ஆட்கள் மெதுவாகத்தான் நடந்தார்கள், செக்கு அதைவிட விரைவாக ஓடும், அப்போது இழுவை மாறாதோ என்று கேட்கலாம். உராய்வு இழுவை இந்த வேகங்களில் பெரிதாக மாறாது, தராசு ஆடுகிற ஆட்டத்தில்தான் அதைவிடப் பெரிய பிழை வரும்.

இனி என்ன? ஒவ்வொண்டின்ர நட்டத்தையும் கூட்டிறதோ பெருக்கிறதோ?

வினைத்திறன்களைப் பெருக்க வேண்டும். ஏன் என்பதை எங்கள் செக்கின் அமைப்பை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று. 100 மில்லிமீற்றர் புல்லியிலிருந்து 300 மில்லிமீற்றர் புல்லிக்கு வி-பெல்ட், வேகம் 480 ஆகிறது. அடுத்தது எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடும் ஹெலிகல் கியர் சோடி, 18 பல்லும் 108 பல்லும், வேகம் 80. கடைசியில் செக்கின் நிலைக்குத்துத் தண்டைத் திருப்பும் பெவல் கியர், 14 பல்லும் 80 பல்லும், கிறீஸ் பூசித் திறந்தபடி ஓடுவது. அதுதான் 14 சுற்றைத் தருகிறது.

வலு ஒவ்வொரு இடத்தையும் கடக்கும்போது அங்கே வந்து சேர்ந்ததில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பெல்ட்டுக்குள் போவதில் 95 வீதம் வெளியே வருகிறது. அந்த 95-இல் ஒரு பங்கைத்தான் அடுத்த பெயரிங் தின்கிறது, முதல் 100-இல் அல்ல. மீதியின் மீதி என்று போவதால்தான் பெருக்கல்.

நான் எடுத்த பெறுமானங்கள்: வி-பெல்ட் 0.95, மூடிய ஹெலிகல் கியர் 0.97, திறந்த பெவல் கியர் 0.93, ஒவ்வொரு தண்டின் பெயரிங் சோடிக்கும் 0.99. நன்றாக வெட்டிய ஹெலிகல் கியருக்கு 0.98 என்றும் போடுவார்கள். எங்களுடையது ஊர் லேத்தில் வெட்டியது, அந்த மரியாதை கொடுக்க மனம் வரவில்லை.

```
η = 0.95 × 0.99 × 0.97 × 0.99 × 0.93 × 0.99 = 0.8315
P = 1.726 / 0.8315 = 2.076 kW
```

மோட்டர்த் தண்டில் 2.08 கிலோவாட் வேண்டும். வேகமும் முறுக்கு விசையும் ஒத்து வருகிறதா என்று ஒருமுறை மறுபக்கத்தால் பார்த்துவிடுவேன். 1440 சுற்றில் 2.076 கிலோவாட் என்றால் முறுக்கு விசை 13.77 நியூட்டன் மீற்றர். அதை மொத்த வேகக் குறைப்பு 102.9 ஆலும் பிறகு 0.8315 ஆலும் பெருக்கினால் 1178 வருகிறது, செக்கு கேட்டது 1177. சரி. இந்தச் சோதனையில் பலர் 0.8315-ஐப் பெருக்க மறந்து செக்குக்கு 1416 கிடைக்கும் என்று சந்தோசப்படுவார்கள். கியர் வேகத்தைச் சரியாகத்தான் குறைக்கும், பல்லை எண்ணினால் போதும். கியரில் நட்டம் முழுக்க முறுக்கு விசையிலிருந்துதான் போகும்.

ஒரே பெருக்கலில முடிக்கலாமே, பிறகேன் ஒவ்வொரு தண்டாப் பிரிச்சுப் பார்க்கிறியள்?

மோட்டரை மட்டும் வாங்குவதென்றால் ஒரே பெருக்கல் போதும். பெல்ட்டையும் கியரையும் தண்டையும் தெரிவு செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் கடத்தும் வலு வேறு. செக்கிலிருந்து பின்னோக்கிப் போனால்: நிலைக்குத்துத் தண்டின் பெயரிங்குக்கு முன் 1.743, பெவல் கியருக்கு முன் 1.875, நடுத் தண்டின் பெயரிங்குக்கு முன் 1.894, ஹெலிகல் கியருக்கு முன் 1.952, முதல் தண்டின் பெயரிங்குக்கு முன் 1.972, பெல்ட்டுக்கு முன் 2.076.

பிரித்துப் பார்த்தால்தான் யார் கள்ளன் என்று தெரியும். மொத்த நட்டம் 350 வாட். அதில் பெவல் கியர் மட்டும் 131, பெல்ட் 104, ஹெலிகல் 59, மூன்று சோடி பெயரிங்கும் சேர்ந்தே 56. பெயரிங்கை நல்லதாக மாற்றினால் மின்கட்டணம் குறையுமா என்று கேட்டு வந்தவருக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டினேன். பெவல் கியரை மூடி எண்ணெய்க்குள் ஓட விட்டால் அதைவிடக் கூட மிச்சம் பிடிக்கலாம்.

பெயரிங்குக்கு எத்தனை தரம் 0.99 போடுறது? மோட்டருக்குள்ளயும் ரெண்டு பெயரிங் இருக்குதே?

ஒரு தண்டுக்கு ஒரு தரம். 0.99 என்பது தண்டைத் தாங்கும் சோடிக்கு, தனிப் பெயரிங்குக்கு அல்ல. எங்களிடம் மூன்று தண்டு, ஆகவே மூன்று தரம். மோட்டருக்குள் இருப்பவை மோட்டரின் கணக்கில் ஏற்கெனவே கழிந்துவிட்டன, பெயர்த்தகட்டில் எழுதியிருப்பது அவற்றைத் தாண்டி வெளியே வரும் வலு.

கடையில் வாங்கிய கியர்பொக்ஸ் என்றால் கவனம். விபரப் பட்டியலில் போட்டிருக்கும் வினைத்திறன் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பெயரிங்கும் எண்ணெய் சீலும் சேர்ந்த பெறுமானம். அதன்மேல் நீங்களும் 0.99, 0.99 என்று போட்டால் ஒரே நட்டத்தை இரண்டு தரம் கழிக்கிறீர்கள்.

புல்லியில மூண்டு பெல்ட் ஓடுது, அப்ப 0.95-ஐ மூண்டு தரம் பெருக்கவோ?

வேண்டாம். மூன்று பெல்ட்டும் பக்கம் பக்கமாக ஒரே வலுவைப் பங்கு போட்டு இழுக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. ஒவ்வொன்றும் தன் பங்கில் 5 வீதம் இழந்தால் மொத்தத்திலும் 5 வீதம்தான். ஒரு பெல்ட்டிலிருந்து நடுத் தண்டுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பெல்ட்டுக்குப் போனால்தான் இரண்டு தரம்.

மொத்த நட்டம் 17 வீதம்தானே, 1.73-ஓட 17 வீதத்தைக் கூட்டினாப் போதாதோ?

போதாது. 1.73-இன் 17 வீதம் கூட்டினால் 2.02 வரும், வகுத்தால் 2.08. அந்த 17 வீதம் உள்ளே போவதில் 17, வெளியே வருவதில் அல்ல. இங்கே வித்தியாசம் சின்னது, அதனால்தான் பலர் ஆண்டுக்கணக்காக இதையே செய்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்கிறார்கள். நட்டம் பெருத்தால் பிழையும் பெருக்கும், அடுத்த பதிலில் வரும் வேர்ம் கியரில் அது வெளுத்துவிடும்.

பெவல், ஹெலிகல் எண்டு அலையாமல் ஒரு வேர்ம் கியர்பொக்ஸ் வாங்கிப் போட்டால் வேலை சுகம்தானே?

வேலை சுகம்தான், அதை மறுக்கவில்லை. ஒரே பெட்டியில் 34 மடங்கு வேகம் குறையும், திசையும் திரும்பும், இடமும் மிச்சம். எங்கள் உறவுக்காரரும் முதலில் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்றைத்தான் பிடித்து வந்தார்.

கியர்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பெரும்பாலும் உருள்கின்றன, வேர்ம் கியரில் திருகு பல்லின்மேல் வழுக்குகிறது. வேகக் குறைப்புக் கூடக் கூடத் திருகின் சரிவு குறையும், சரிவு குறையக் குறைய வலுவில் கூடிய பங்கு உராய்வுக்குப் போகும். திருகின் சரிவு 5 பாகை, உராய்வுக் குணகம் 0.05 என்றால் வினைத்திறன் ஏறக்குறைய 0.63 தான். இதே கியரைச் செக்குப் பக்கத்திலிருந்து திருப்பப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். பின்பக்கமாகச் சுற்றவே முடியாத வேர்ம் என்றால் வினைத்திறன் பாதிக்கும் கீழே என்று எடுத்துக்கொள்ளலாம்.

பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. விபரப் பட்டியலில் 30 மடங்கு வேர்முக்கு 0.75 போல ஒரு எண் இருந்தால், அது பெரும்பாலும் நேரே மோட்டர் வேகத்தில், 1400 சுற்றளவில் ஓடும்போது கிடைப்பது. வேகமாக வழுக்கும்போது எண்ணெய்ப் படலம் நன்றாக உருவாகும், உராய்வு குறையும். நாம் முன்னால் பெல்ட் போட்டு 480 சுற்றுக்குக் குறைத்துவிட்டுத்தான் வேர்முக்குக் கொடுக்கிறோம், படலம் மெலிந்துவிடும். அதனால் நான் 0.65 எடுத்தேன்.

```
η = 0.95 × 0.99 × 0.65 × 0.99 = 0.605
P = 1.726 / 0.605 = 2.85 kW
```

அதே செக்கு, அதே எள்ளு, 2.08 எங்கே 2.85 எங்கே. இதில் 39.5 வீதத்தைக் கூட்டும் முறையில் போட்டிருந்தால் 2.41 வந்திருக்கும், அதை நம்பி வாங்கும் மோட்டர் ஒரு பருவம் தாண்டாது.

வேர்ம் பெட்டிக்குள் சூடாகும் வலு மட்டும் 940 வாட்டுக்குக் கிட்ட, ஒரு இஸ்திரிப்பெட்டியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. இரண்டு மணித்தியாலம் ஓடியதும் பெட்டியில் கை வைக்க முடியவில்லை, எண்ணெய் தண்ணியாகி சீலால் ஒழுகத் தொடங்கிவிட்டது. எண்ணெய் மெலிந்தால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் சூடு கூடும், நிற்பாட்டாமல் விட்டால் வெண்கலச் சில்லின் தூள்தான் எண்ணெயில் மினுங்கும். எங்களுடையதில் மினுங்கியது.

மின்கட்டணமும் பாருங்கள். தண்டில் 0.77 கிலோவாட் கூட என்றால் மீற்றரில் ஏறக்குறைய 0.94. நாளுக்கு 6 மணித்தியாலம், மாதம் 25 நாள் ஆட்டினால் 140 யூனிற் வரை சும்மா சூடாகப் போகிறது. இடைக்கிடை ஓடும் சின்ன வேலைக்கு வேர்ம் பிழையில்லை. நாள் முழுக்க ஆட்டும் செக்குக்கு நான் சொல்லமாட்டேன்.

மோட்டரின்ர வினைத்திறன் 82 வீதம் எண்டு போட்டிருக்கு, அதையும் பெருக்கவேணுமோ?

மோட்டரைத் தெரிவு செய்யும்போது வேண்டாம். பெயர்த்தகட்டில் 3 கிலோவாட் என்றால் அது தண்டில் கிடைப்பது. 0.82-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் தேவைக்கு மேல் பெரிய மோட்டர் வாங்குவீர்கள். மின்கட்டணம், வயர், பிரேக்கர் இவற்றைப் பார்க்கும்போதுதான் 0.82 ஆல் வகுக்க வேண்டும்: 2.076 ஐ வகுத்தால் மீற்றரில் 2.53 கிலோவாட்.

2.08 தானே வருது, 2.2 கிலோவாட் மோட்டர், அதாவது 3 குதிரைவலு காணும்தானே?

மயிரிழையில் காணும், ஆனால் நான் வாங்கமாட்டேன். வினைத்திறன் கணக்கு நட்டத்தை மட்டும் பார்க்கிறது. பிண்ணாக்குக் கட்டி உலக்கைக்குக் கீழே மாட்டும் அதிர்ச்சியையோ, புதுக் கியர் பல் பழகும்வரை கூட உராய்வதையோ அது பார்க்காது. அதற்குத்தான் வேலைக் காரணி. மிதமாக ஏறி இறங்கும் இழுவைக்கு 1.25 வைத்தால் 2.6 வருகிறது, அடுத்த அளவு 3 கிலோவாட், 4 குதிரைவலு. வேர்ம் போட்டிருந்தால் 2.85-ஐ 1.25 ஆல் பெருக்கி 3.56, அதாவது 4 கிலோவாட் மோட்டர்.

இந்த 1.25-ஐ வினைத்திறனோடு கலந்து ‘மொத்தமாக 0.67’ என்று ஒரு எண்ணை எழுதி வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பிறகு ஆறு மாதம் கழித்து அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே தெரியாது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கணக்குப் பார்த்துத்தான் போட்டனாங்கள், ஆனால் எள்ளோட நிண்ட செக்கைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண ஏலாமல் கிடக்கு. ஏன்?

ஓடும்போது உள்ள வினைத்திறனும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உள்ளதும் ஒன்றல்ல. மின்சாரம் நின்று இறுகிய பிண்ணாக்கோடு செக்கு கிடந்தால் கிளப்ப வேண்டிய முறுக்கு விசையே ஓட்டத்தில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு வரலாம், 1766 நியூட்டன் மீற்றர் என்று வைப்போம். பெவல் அமைப்பில் அது மோட்டர்த் தண்டில் 20.6 ஆகிறது. 3 கிலோவாட் மோட்டரின் முழு முறுக்கு விசையே 20-ஐச் சுற்றித்தான், நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும், கிளம்பிவிடும். மின்னோட்டத்தைக் குறைத்துக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா போட்டால் அதில் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும், 13 அளவு. உறுமிக்கொண்டு நிற்கும்.

வேர்மில் நிலைமை இன்னும் மோசம். நின்ற நிலையில் எண்ணெய்ப் படலமே இல்லை, 0.65 என்றது 0.45-க்கு விழலாம், அப்போது மோட்டர்த் தண்டில் 41 வேண்டும். 4 கிலோவாட் மோட்டர் நேரடி ஸ்டார்ட்டில் 53 அளவு தரும், ஆனால் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். பின்னேரம் 400 வோல்ட் 360-க்கு இறங்கினால் 53 என்பது 43 ஆகிவிடும். காலையில் கிளம்பும் செக்கு பின்னேரம் அடம்பிடிப்பதற்குக் காரணம் பேய் அல்ல. இப்படி நின்றால் கொஞ்சம் பிண்ணாக்கைக் கிளறி இளக்கிவிட்டுக் கிளப்புவதுதான் மலிவான வைத்தியம்.

போட்ட கணக்கு சரியோ பிழையோ எண்டு ஓடவிட்டுப் பார்க்க ஏதும் வழி இருக்கோ?

இருக்கிறது, ஆனால் கிளாம்ப் மீற்றரில் அம்பியரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுமை இல்லாமல் ஓடும் மோட்டரே முழு அம்பியரில் பாதிக்குக் கிட்ட இழுக்கும், வலுக்காரணி குறைவு என்பதால் அதில் உண்மையான வாட் சிறிதுதான். வாட் காட்டும் மீற்றர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

எங்கள் பெவல் அமைப்பில் பிண்ணாக்கு இறுகும் நேரத்தில் 2.6 கிலோவாட் காட்டியது. 0.82 ஆல் பெருக்கினால் தண்டில் 2.13, கணக்கு சொன்னது 2.08. இதற்குமேல் சரியாக வர ஊர்க் கணக்குக்குத் தேவையில்லை. அதே மீற்றர் சில மாதம் கழித்து அதே அளவு எள்ளுக்கு 2.9 காட்டியது. 2.9 × 0.82 = 2.38, 1.726 ஐ இதனால் வகுத்தால் மொத்த வினைத்திறன் 0.725. 0.83 இருந்த இடத்தில் 0.725 என்றால் எங்கோ ஒரு கட்டம் கெட்டிருக்கிறது.

முதலில் பெல்ட். சுற்றுமானியை மோட்டர்ப் புல்லியிலும் பெரிய புல்லியிலும் வைத்துப் பாருங்கள், 1440-க்கு 480 வர வேண்டும், ஒன்று இரண்டு வீதம் குறைவது வழமை. 455-க்கு வந்தால் வழுக்குகிறது, புல்லிக்கு அடியில் கறுப்புத் தூளும் றப்பர் கருகும் மணமும் சாட்சி. எங்களுடையது 474 காட்டியது, பெல்ட் குற்றமற்றது. பெயரிங் கூடுகள் மூன்றும் கைச்சூடுதான். ஹெலிகல் பெட்டி மிதமான சூடு. மிஞ்சியது பெவல். அதன் வினைத்திறனை மட்டும் பிரித்தால் 0.725 ஐ மற்றவற்றின் பெருக்கமான 0.894 ஆல் வகுக்க வேண்டும், 0.81. செக்கை நிற்பாட்டிக் கிட்டப் போய்ப் பார்த்தால் கிறீஸ் எள்ளுத் தூளோடு சேர்ந்து பசைபோல் காய்ந்து கிடந்தது, 14 பல் பினியன் தாங்கியின் போல்ட் தளர்ந்து பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் மினுங்கும் தடம். போல்ட்டை இறுக்கி, தடம் பல்லின் நடுவுக்கு வரும்வரை தகட்டுத் துண்டு வைத்து நகர்த்தி, மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிறீஸ் பூசினோம். மறுநாள் ஆட்டத்தில் மீற்றர் 2.62 காட்டியது.